கடைசிச் சம்பளம்: முதலில் கணக்கைக் கேளுங்கள், பணத்தை அப்புறம் கேட்கலாம்

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா தோட்டத்து செம்பனை ஆலையில் பாய்லர் வேலை, 18 வருட சர்வீஸ். மாதச் சம்பளம் 1,800 வெள்ளி. ஜூன் 8ஆம் தேதி மூச்சுத் திணறி ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே மண்டோருக்கு வாட்சாப்பில் சொல்லிவிட்டேன். 17ஆம் தேதி இரவு அப்பா போய்விட்டார். மே சம்பளம் கைக்கு வந்துவிட்டது, ஜூன் சம்பளம் வரவில்லை. ஆபீசில் கேட்டால், 7 நாள்தான் வேலை, 420 வெள்ளி, அதில் முன்பணம் 200, கடை பாக்கி 250 போனால் "உங்கப்பாதான் 30 வெள்ளி பாக்கி" என்கிறார் கிராணி. ஏதாவது வேண்டுமென்றால் அமானா ராயா கடிதம் கொண்டு வா என்கிறார். வீட்டைக் காலி செய்ய ஒரு தாளில் அம்மாவைக் கையெழுத்தும் கேட்கிறார்கள். இ.பி.எஃப்.பில் அம்மா பெயர்தான் இருக்கிறது, அது போதாதா? தைப்பிங்கில் இருக்கும் பாட்டிக்கும் பங்கு உண்டு என்று சித்தப்பா சொல்கிறார். யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைப் போன்றவர்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது பெரும்பாலும் "எப்போது பணம் தருவீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்குக் கிராணியிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: கடிதம் கொண்டு வா. இறந்தவர்களின் சொத்தைப் பிரித்துத் தரும் அமானா ராயாவுக்கு நீங்கள் போனால், "எவ்வளவு பணம் வரவேண்டும் என்று முதலாளியின் கடிதம் எங்கே?" என்று அங்கே கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். அதனால் முதல் வேலையாக, அப்பாவுக்குச் சேரவேண்டிய தொகை என்ன என்று கணக்கை எழுத்தில் கேளுங்கள். கணக்கு கொடுக்க அவர்களுக்கு எந்தக் கடிதமும் தேவையில்லை. பணம் கொடுக்கத்தான் தேவை.

இந்த ஒரு விஷயத்தில் கிராணி சொல்வது தவறல்ல. இறந்தவருக்குச் சேரவேண்டிய சம்பளம் அவருடைய சொத்தில் ஒரு பகுதி. அதைத் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டால், உரிய வாரிசு வந்து கேட்கும்போது கம்பெனி இன்னொரு முறை கொடுக்க வேண்டி வரலாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவர் போட்ட கணக்கு நியாயமாக இல்லை. அதைப் பார்ப்போம்.

மாதச் சம்பளக்காரர் மாதத்தின் நடுவில் வேலையை விட்டுப் போனால் எப்படிக் கணக்கிடுவது என்று வேலைச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த நாட்களால் வகுத்து, சம்பளத்துக்குத் தகுதியான நாட்களால் பெருக்க வேண்டும். ஜூனுக்கு 30 நாள். 1,800ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 60 வெள்ளி. இதுவரை கிராணியும் சரியாகத்தான் வந்திருக்கிறார். தகுதியான நாள் 7 என்று எடுத்தாரே, தப்பு அங்கேதான் இருக்கிறது.

8 முதல் 17 வரை அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அது வேலைக்கு வராத நாள் அல்ல, சம்பளத்தோடு கூடிய மருத்துவமனை விடுப்பு. 60எஃப் பிரிவின்படி, வார்டில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை அந்த விடுப்பு உண்டு. சாதாரண நோய் விடுப்பு அதற்கு மேல் தனி. இதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, மருத்துவச் சான்று இருக்க வேண்டும். இரண்டு, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சட்டமே அதை அனுமதியில்லாத விடுப்பாகக் கருதும். நீங்கள் அன்றைக்கே மண்டோருக்கு வாட்சாப் போட்டது இங்கேதான் உதவப் போகிறது. அந்த உரையாடலைத் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். போனை மாற்றினால் பழைய செய்திகள் போய்விடலாம், அதனால் இன்றே செய்யுங்கள். வார்டில் சேர்த்த நாளையும் இறந்த நாளையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில் கேளுங்கள். வாரிசு என்பதைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் கொண்டு போங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம் இல்லாததால்தான் ஆபீசில் "ஆப்சென்ட்" என்று போட்டிருப்பார்கள். கெட்ட எண்ணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம். ஆளே போய்விட்ட பிறகு எம்.சி. கொண்டு வந்து கொடுக்க யாரும் இருப்பதில்லை, கிராணி கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆகவே தகுதியான நாள் 17. 60ஐ 17ஆல் பெருக்கினால் 1,020 வெள்ளி.

அடுத்தது ஆண்டு விடுப்பு. 5 ஆண்டுக்கு மேல் சர்வீஸ் உள்ளவருக்கு ஆண்டுக்கு 16 நாள். விடுப்புக் கணக்கு ஜனவரியில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், ஜூன் நடுவில் 5 மாதம் முழுதாக முடிந்திருக்கிறது. 16ஐ 12ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 6.67. அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் ஒரு நாளாக எடுக்க வேண்டும் என்பது சட்டம், ஆக 7 நாள். அதில் அப்பா 2 நாள் எடுத்திருந்தார் என்றால் மீதி 5. விடுப்பு நாளின் கூலியை மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். முன்பு 30ஆல் வகுத்தோமே என்று குழம்ப வேண்டாம், அது பாதி மாதச் சம்பளத்துக்கு, இது ஒரு நாள் கூலிக்கு. 1,800ஐ 26ஆல் வகுத்தால் 69.23. ஐந்து நாளுக்கு 346.15 வெள்ளி. அவர் எத்தனை நாள் எடுத்தார் என்பது விடுப்பு அட்டையில் இருக்கும், அதைப் பார்த்து என் எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். எடுக்காத விடுப்பைப் பல கம்பெனிகள் தாமாகப் பட்டியலில் போடுவதில்லை. யாராவது கேட்டால் மட்டும்தான் அந்த வரி வரும்.

பாய்லர் வேலை என்றால் ஓவர்டைம் இல்லாமல் இருந்திருக்காது. ஜூன் முதல் வாரத்தில் 16 மணி நேரம் என்று வையுங்கள். நாள் கூலி 69.23ஐ 8 மணியால் வகுத்து ஒன்றரை மடங்கு ஆக்கினால் மணிக்கு 12.98 வருகிறது, 16 மணிக்கு 207.69 வெள்ளி. ஓய்வு நாளிலோ பொது விடுமுறையிலோ செய்திருந்தால் விகிதம் இதைவிடக் கூடும். உண்மையான மணிக்கணக்கு ஆலையின் ஷிப்ட் புத்தகத்திலும் பஞ்ச் கார்டிலும் இருக்கும். தொழிலாளர் பதிவேட்டை முதலாளி குறைந்தது 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், புத்தகம் இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. அப்பா சட்டைப் பையில் குறிப்பு நோட்டு வைத்திருந்தால் அதையும் தேடிப் பாருங்கள். அந்தக் கால ஆட்கள் பலர் அப்படி எழுதி வைப்பார்கள்.

மூன்றையும் கூட்டினால் 1,573.84. இனி கழிவுகள்.

முன்பணம் 200 வெள்ளியைக் கழிக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் வட்டி போடக்கூடாது. அப்பா கையெழுத்திட்ட வவுச்சரின் நகலைக் கேளுங்கள். முன்பே ஒவ்வொரு மாதமாகப் பிடித்து முடித்துவிட்ட முன்பணத்தை மறந்துபோய்த் திரும்பவும் பிடிப்பது நடக்கிற காரியம். பழைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடை பாக்கி 250 வேறு கதை. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 24ஆம் பிரிவு வரிசைப்படுத்திச் சொல்கிறது. அந்த வரிசைக்கு வெளியே எதையும் பிடிக்க முடியாது. மளிகைக் கடைக்காரருக்கு அப்பா கொடுக்க வேண்டிய கடன், கடைக்காரருக்கும் அப்பாவின் சொத்துக்கும் இடையில் உள்ள விஷயம். தோட்ட ஆபீஸ் இடையில் நின்று அதை வசூலித்துக் கொடுக்கத் தேவையில்லை. உண்மையான கடன் என்றால் நீங்கள் பின்னால் கடைக்காரரிடமே தீர்த்துக்கொள்ளலாம். சில இடங்களில் "நோட்டீஸ் கொடுக்காமல் வேலை நின்றுவிட்டது" என்று ஒரு மாதச் சம்பளத்தைக் கழிப்பதும் உண்டு. உங்கள் கணக்கில் அப்படி ஒன்று நுழைந்தால் ஏற்காதீர்கள். மரணம் ராஜினாமா ஆகாது, செத்தவர் நோட்டீஸ் கொடுக்க முடியாது.

1,573.84இல் 200 போனால் 1,373.84. இ.பி.எஃப்., சொக்சோ, வேலைக் காப்புறுதி ஆகியவற்றுக்குத் தொழிலாளி பங்கு வழக்கம் போல் பிடிக்கப்படும். ஓவர்டைம் பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை, விடுப்புப் பணத்துக்குப் பிடிப்பார்கள். கடைசியில் கைக்கு வருவது 1,200 வெள்ளிக்குச் சற்று மேலே இருக்கும். அப்பா 30 வெள்ளி பாக்கி என்ற கணக்கு எங்கே, இது எங்கே!

சரி, கடிதம். கிராணியின் பெயருக்கு எழுத வேண்டாம். சம்பளச் சீட்டில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அதற்கு, மேனேஜர் பார்வைக்கு என்று எழுதுங்கள். ஆலைகளில் காண்ட்ராக்டரின் கீழ் ஆள் வைக்கும் வழக்கம் இருப்பதால் இதைச் சரிபார்ப்பது அவசியம். இ.பி.எஃப். அறிக்கையில் எந்த முதலாளி சந்தா கட்டியிருக்கிறார் என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். கடிதம் மலாயில் இருக்கட்டும், தலைப்பு "துந்துத்தான் காஜி அக்கிர் சி மாத்தி" என்று போதும். உள்ளே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"இன்னார், அடையாள அட்டை எண் இது, உங்கள் ஆலையில் பணியாற்றி ஜூன் 17ஆம் தேதி காலமானார். நான் அவருடைய மனைவி. ஜூன் 8 முதல் 17 வரை அவர் மருத்துவமனையில் இருந்தார், சான்று இணைத்திருக்கிறேன், 8ஆம் தேதியே உங்கள் மேற்பார்வையாளருக்குத் தகவல் கொடுக்கப்பட்டது. அவருக்குச் சேரவேண்டிய சம்பளம், ஓவர்டைம், எடுக்காத ஆண்டு விடுப்பு, ஒவ்வொரு கழிவும் அதற்கான காரணமும் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டும் கணக்கைக் கம்பெனிக் கடிதத்தாளில் 14 நாட்களுக்குள் தரவும். அமானா ராயாவில் விண்ணப்பிக்க அது தேவைப்படுகிறது. வருமான வரி வாரியத்துக்கு இறப்பு அறிவிப்பு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும்."

அம்மா கையெழுத்திடட்டும். இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், அம்மாவின் ஐசி ஆகியவற்றின் நகல்களை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அது போனால்தான் தோட்ட ஆபீசில் ஃபைல் நகரும் என்பது என் அனுபவம். 14 நாள் என்பது சட்டம் சொல்லும் கெடு அல்ல, நான் வைக்கச் சொல்லும் கெடு.

வருமான வரியைப் பற்றி ஏன் கேட்கச் சொன்னேன்? தொழிலாளி இறந்த செய்தி தெரிந்த 30 நாளுக்குள் முதலாளி வரி வாரியத்துக்கு சிபி 22ஏ பாரம் அனுப்ப வேண்டும். வரி வாரியம் சரி என்று கடிதம் தரும் வரை, அல்லது 90 நாள் முடியும் வரை, அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லும் விதி உண்டு. 1,800 வெள்ளிச் சம்பளக்காரருக்கு வரிப் பாக்கி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பாரம் போனால் கடிதம் வந்துவிடும். ஆனால் பாரத்தையே அனுப்பாமல் "வரிக் கடிதம் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அனுப்பிய தேதியைக் கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இனி யார் வாங்குவது? இ.பி.எஃப்.பில் அம்மாவின் பெயர் இருப்பது இ.பி.எஃப். பணத்துக்கு மட்டும்தான். சம்பளத்தை அந்த நியமனம் தொடாது. அப்பா உயில் எழுதி வைக்கவில்லை என்றால், முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்து 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருக்கும்போது மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குச் சேர்த்து அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. தாத்தா இப்போது இல்லை என்றால் அந்தக் கால் பங்கு பாட்டிக்கு வரும். சித்தப்பா சொன்னது சரிதான். ஆனால் பங்கு பிரிப்பதற்கு முன் ஈமச்சடங்குச் செலவைக் கழிக்க வேண்டும். சவப்பெட்டி, வண்டி, மயானக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீதை எடுத்து வையுங்கள். அந்தச் செலவு 1,200 வெள்ளியைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். தாண்டியிருந்தால், வேறு சேமிப்பு எதுவும் இல்லாதபோது, பாட்டியோடு சண்டை போட அங்கே பங்கே மிஞ்சாது. இதை ரசீதுகளோடு சித்தப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஏனென்றால் பாட்டியின் கையெழுத்து உங்களுக்கு வேண்டும். தொகை சிறியதாக இருக்கும்போது சில கம்பெனிகள், வாரிசுகள் எல்லாரும் சம்மதித்து, பின்னால் வேறு யாராவது கேட்டு வந்தால் நாங்கள் பொறுப்பு என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் எழுதிக் கொடுத்தால், நேராக மனைவியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். இப்படிக் கொடுத்தாக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, அது அவர்கள் விருப்பம். கணக்கு கைக்கு வந்ததும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

ஒப்புக்கொள்ளாவிட்டால் ஈப்போவில் அமானா ராயா. வீடு, நிலம் எதுவும் இல்லாமல் பணம், மோட்டார் சைக்கிள் போன்றவை மட்டும் இருந்து, மொத்தம் 6 லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்டிருந்தால், கோர்ட்டுக்குப் போகாமல் அமானா ராயாவே முடித்துத் தரும். 50,000 ரிங்கிட்டுக்குள் என்றால் நடைமுறை இன்னும் எளிது. பணத்தை யாரிடம் கொடுப்பது என்று முதலாளிக்கும் வங்கிக்கும் கடிதம் எழுதித் தருவார்கள். அப்பாவின் வங்கிச் சேமிப்பையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள், சம்பளத்துக்கு மட்டும் போட்டால் வங்கிக்காக மறுபடி நடக்க வேண்டும். ஆனால் அப்பா பெயரில் எங்காவது ஒரு மலிவு விலை வீடோ நிலமோ இருந்தால் அமானா ராயாவின் இந்த வழி சரிவராது, நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவுக்குப் போக வேண்டும். முதலில் இதை அம்மாவிடம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். அப்பாவின் ஏ.டி.எம். கார்டு யாரிடமாவது இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். கம்பெனி சம்பளத்தை அந்தக் கணக்கில் போட்டுவிட்டாலும் பணம் எங்கும் போய்விடாது, அமானா ராயா கடிதத்தோடு வங்கியில் எடுத்துக்கொள்ளலாம்.

14 நாள் கழித்தும் கணக்கு வரவில்லை, அல்லது 7 நாள் கணக்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் ஈப்போ தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சம்பளத் தகராறை 69ஆம் பிரிவின் கீழ் விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அங்கே போகும்போது அமானா ராயா கடிதத்தில் பெயர் உள்ளவர் போனால், "நீங்கள் யார் கேட்க?" என்ற கேள்வியே எழாது. அதற்காக அந்தக் கடிதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், ஆவணங்களோடு போய் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கச் சந்தா பிடிக்கப்பட்டிருந்தால் சங்கக் கிளையிலும் சொல்லுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் மரணத்துக்கென்று ஏதாவது தொகை இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். சொக்சோவின் வாரிசு பென்ஷன் இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத தனி விண்ணப்பம். அதைப் போடாமல் இருந்தால் இந்த வாரமே போடுங்கள், மாதாமாதம் வரக்கூடியது என்பதால் இந்தச் சம்பளத்தைவிட அதுதான் அம்மாவுக்குப் பெரிது.

கடைசியாக அந்தத் தாள். வீட்டை ஒப்படைப்பதாக மட்டும் எழுதியிருந்தால், எந்தத் தேதிக்குள் என்பதைப் பேசி முடித்து அம்மா கையெழுத்திடலாம். "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்", "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலும் கையெழுத்து வேண்டாம். அந்த வரியை அடித்துவிட்டு, இரு தரப்பும் அந்த இடத்தில் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் போட வேண்டும். போட்ட தாளின் நகலையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.